ஈரோட்டுக்கு மட்டும் ஒரு நிறம்

(இதழியல் மாணவர்களும் புள்ளிவிவரப் பணியாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே சமூகப் பொருளாதாரத்துக்கென்று தனி மண்டபம் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பகுதி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்க்கையைக் காட்டுவதற்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அட்லாண்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் தம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, மையாலும் வண்ணத்தாலும் கையால் வரைந்த அறுபது தாள்கள் அளவுக்கு அந்தப் பகுதிக்குத் தயாரித்துக் கொடுத்தார். மக்கள்தொகை, நிலவுடைமை, தொழில், கல்வி என்று ஒவ்வொரு தாளும் ஒரு செய்தி.

அவற்றில் ஒரே ஒரு தாளைப் பற்றித்தான் முதலில் உங்களிடம் பேச வேண்டும். அதன் பொருள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் விகிதம். நாடுகளின் பெயர்கள் இடது ஓரத்தில் பிரெஞ்சு மொழியில் வரிசையாக இருக்கின்றன. ருமேனியா, செர்பியா, ரஷ்யா என்று மேலே தொடங்கி, ஹங்கேரி, இத்தாலி எனக் குறைந்துகொண்டே வந்து, பிரான்சையும் தாண்டி, சுவீடனில் முடிகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கிடைமட்டப் பட்டை. எல்லாப் பட்டைகளும் பச்சை. ரஷ்யாவுக்கும் ஹங்கேரிக்கும் நடுவே நான்காவதாக இருக்கும் ஒன்று மட்டும் சிவப்பு. அது அமெரிக்கக் கறுப்பின மக்களுடைய பட்டை.

அந்தச் சிவப்பை எடுத்துவிட்டு, எல்லாப் பட்டையும் பச்சையாக இருப்பதாக நினைத்துப் பாருங்கள். கண் எங்கே போகும்? மிக நீளமான பட்டைக்குப் போகும். ருமேனியாவில் இத்தனை பேருக்கு எழுத்தறிவு இல்லையா என்று பார்வையாளர் வியந்துவிட்டு, கடைசியில் இருக்கும் சுவீடனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். வரிசைப்படுத்திய பட்டைகளில் முதலிடமும் கடைசியிடமும் தாமாகவே கண்ணில் படும். நான்காவது இடத்துக்கு அந்த வசதி இல்லை. டு பாய்ஸ் சொல்ல வந்த செய்தியோ அந்த நான்காவது இடத்தில்தான் இருந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது 35 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதையே குற்றமாக்கிய சட்டங்கள் தென் மாநிலங்கள் பலவற்றில் இருந்தன. அந்த இருட்டிலிருந்து வெளியே வந்து ஒரு தலைமுறைக்குள், தனி அரசும் பள்ளிகளும் கொண்ட மூன்று ஐரோப்பிய நாடுகளைவிட இம்மக்கள் மேலான நிலையில் இருந்தார்கள். ஐரோப்பியப் பார்வையாளர் தம் கண்டத்து நாடுகளோடு ஒப்பிட்டு அதை உணர வேண்டும். அதற்கு அவர் பார்வை முதலில் நடுவில் இருக்கும் பட்டைக்குப் போக வேண்டும், அங்கிருந்து மேலும் கீழும் போக வேண்டும். சிவப்பு அந்த வேலையைச் செய்தது.

இன்று இதழ்களிலும் அறிக்கைகளிலும் ஒரு பட்டைக்கு மட்டும் அழுத்தமான நிறம் கொடுத்து மற்றவற்றைச் சாம்பலாக்குகிறோமே, அந்த வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான பழைய எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் டு பாய்ஸ் பாதி வேலையைத்தான் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பட்டையைத் தூக்கிக் காட்டினாரே தவிர, மற்றவற்றை அடக்கவில்லை. அவருடைய பச்சை நல்ல அடர்த்தியான பச்சை. சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத கண் உள்ள ஒருவருக்கு அந்தத் தாளில் இரண்டும் நெருங்கி வந்துவிடும். அடக்கும் பாதி எவ்வளவு முக்கியம் என்பதை உளவியல் ஆய்வுகள் பின்னால்தான் விளக்கின.

1980-இல் ஆன் ட்ரீஸ்மன், கேரி கெலாட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழுப்பு நிற ‘T’ எழுத்துகளும் பச்சை நிற ‘X’ எழுத்துகளும் சிதறிக் கிடக்கும் அட்டையில், ஒரு நீல எழுத்து இருக்கிறதா என்று கேட்டார்கள். அட்டையில் 5 எழுத்து இருந்தாலும் 30 எழுத்து இருந்தாலும், நீல எழுத்தைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆனது. அடுத்து, பச்சை நிற ‘T’ இருக்கிறதா என்று கேட்டார்கள். இப்போது நிறத்தையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்துகள் கூடக் கூட நேரமும் கூடிக்கொண்டே போனது. கண் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. ஒரே ஒரு பண்பில் தனித்து நிற்பது தேடாமலே தெரியும் என்பதுதான் இதன் பொருள். 32 பட்டைகள் இருக்கும் படத்தில் ஒன்றுக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தால், வாசகர் 32-ஐயும் படிக்காமலே அதன் மேல் வந்து நிற்பார்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 1989-இல் ஜான் டங்கன், கிளின் ஹம்ஃப்ரீஸ் இருவரும் அதை விளக்கினார்கள். தேடும் பொருள் மற்றவற்றிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பது மட்டும் கணக்கில்லை. மற்றவை தமக்குள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதும் கணக்கு. மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் சிவப்புச் சட்டை போட்ட குழந்தையைத் தொலைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள், திண்டாடிப் போவீர்கள். அதே குழந்தை வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் நிற்கும் பள்ளி மைதானத்தில் நின்றால், வாசலிலிருந்தே தெரியும். சட்டை ஒன்றுதான். சுற்றியிருப்பவர்கள்தாம் வேறு.

பட்டைப் படம் வரைபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஒன்றை எடுப்பாக்க வேண்டும் என்றதும், அந்த ஒன்றின் நிறத்தை இன்னும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். மற்ற பட்டைகள் நீலம், பச்சை, ஊதா என்று அப்படியே இருக்கின்றன. கூட்ட வேண்டியது அங்கே எதுவும் இல்லை. குறைக்க வேண்டியதுதான் உண்டு. நான் பயிற்சி கொடுக்கும் இடங்களில் முதல் வேலையாக எல்லாப் பட்டைகளையும் ஒரே சாம்பல் நிறமாக்கச் சொல்வேன். அதற்குப் பிறகு, இந்தப் படத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்பேன். அந்த வாக்கியத்தின் எழுவாய் எதுவோ அந்தப் பட்டைக்கு மட்டும் நிறம். வாக்கியம் வரவில்லையென்றால் நிறமும் கிடையாது.

ஒரு படத்தை முழுவதுமாகச் செய்து பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் எழுத்தறிவு பெற்றவர்களின் விழுக்காட்டை மாவட்ட வாரியாக எடுத்து, பெரியதிலிருந்து சிறியது வரை கிடைமட்டப் பட்டைகளாக அடுக்குகிறோம். உச்சியில் கன்னியாகுமரி, 91.8. அடியில் தருமபுரி, 68.5. மாநிலம் முழுவதற்கும் 80.1. அதை ஒரு மெல்லிய செங்குத்துக் கோடாகப் போட்டுவிடலாம்.

எதற்கு நிறம் கொடுப்பது? பெரும்பாலோர் தருமபுரிக்குக் கொடுப்பார்கள். தவறில்லை, ஆனால் அது வீண். வரிசையின் கடைசியில் மிகக் குட்டையாக இருக்கும் பட்டை நிறமில்லாமலே பேசிவிடும். கன்னியாகுமரிக்கும் அப்படித்தான். நீளமும் வரிசையும் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் நிறத்தைச் செலவழிக்க வேண்டும். கீழிருந்து மேலே வாருங்கள். தருமபுரி, அரியலூர், கிருஷ்ணகிரி, விழுப்புரம். ஐந்தாவதாக ஈரோடு, 72.6. ஜவுளிக்கும் மஞ்சள் சந்தைக்கும் பேர்போன ஈரோடு, 74.2 உள்ள திருவண்ணாமலைக்கும் கீழே நிற்கிறது. தொழில் வளமும் எழுத்தறிவும் சேர்ந்தே வரும் என்று நினைத்திருப்பவருக்கு இது ஒரு செய்தி. ஆனால் 32 பட்டைகளில் 28-ஆவதாக இருப்பதால் யார் கண்ணிலும் படாது. ஆகவே நம் வாக்கியம்: ‘தொழில் மாவட்டமான ஈரோடு எழுத்தறிவில் கடைசி ஐந்தில்.’ அதுவே படத்தின் தலைப்பு. நிறம் ஈரோட்டுக்கு.

எந்த நிறம்? என் வகுப்பில் ஒரு மாணவி அழகாக யோசித்தார். ஈரோடு என்றால் மஞ்சள், பட்டையும் மஞ்சளாக இருக்கட்டும் என்று வைத்தார். திரையில் நன்றாகவே இருந்தது. அடுத்த நாள் அதைக் கறுப்பு-வெள்ளையில் நகலெடுத்துக் கொண்டுவந்தோம். 31 பட்டைகள் சாம்பலாகத் தெரிந்தன, ஈரோடு கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது. எதைத் தூக்கிக் காட்ட நினைத்தோமோ அதுவே மிக மங்கலாகிவிட்டது. காரணம் எளிது. மஞ்சள் பளிச்சென்ற நிறம்தான், ஆனால் வெளிர் நிறம். வெள்ளைத் தாளுக்கும் அதற்கும் வெளிச்சத்தில் வித்தியாசம் மிகக் குறைவு, சாம்பலைவிடவும் குறைவு. நிறச் சாயம் போன பிறகு மிஞ்சுவது வெளிச்ச அளவு மட்டும்தான். அதனால் தேர்ந்தெடுக்கும் நிறம் சாம்பலைவிடக் கருமையாகவும் இருக்க வேண்டும். செங்கல் சிவப்பு, ஆழ்ந்த நீலம், அரக்கு இவையெல்லாம் தாங்கும். சோதிப்பதும் சுலபம். படத்தைக் கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். அப்போதும் ஈரோடு முதலில் தெரிந்தால், நகல் கடைக்குப் போய் வந்தாலும், நிறக் குறைபாடு உள்ள கண்ணுக்கு முன்னாலும் அது நிற்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறு, சாம்பலை மிகவும் வெளுத்துவிடுவது. மற்ற 31 மாவட்டங்களும் தரவுகள்தாம். அவற்றோடு ஒப்பிட்டால்தான் ஈரோட்டுப் பட்டைக்கு அர்த்தம். வெளிச்சம் நிறைந்த அரங்கில் புரொஜெக்டரில் போட்டதும் வெளிர்சாம்பல் முழுவதும் கரைந்துபோய், வெள்ளைத் திரையில் ஒற்றைப் பட்டை அனாதையாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கான பன்னாட்டு நெறிமுறை, படத்தில் பொருள் தரும் பகுதிகளுக்கும் பின்புலத்துக்கும் 3-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கிறது. வெள்ளைப் பின்புலத்தில் `#949494` என்ற சாம்பல் அந்த எல்லையைச் சரியாகத் தொடுகிறது. நான் ஏறக்குறைய அங்கேதான் நிறுத்துகிறேன். பட்டையை மங்கலாக்கும்போது மாவட்டப் பெயர்களையும் சேர்த்து மங்கலாக்கிவிடாதீர்கள். தம் மாவட்டத்தைத் தேடி வரும் வாசகருக்கு அந்தப் பெயர்கள் கறுப்பாகவே இருக்க வேண்டும். ஈரோட்டின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தால் போதும்.

இனி, நானே பட்ட ஒரு பாடு. எக்செல்லில் ஒரு பட்டையை மட்டும் நிறம் மாற்றுவது எளிது. ஒரு முறை சொடுக்கினால் எல்லாப் பட்டைகளும் தேர்வாகும், மறுமுறை சொடுக்கினால் அந்த ஒன்று மட்டும். பிறகு நிறம் கொடுக்க வேண்டியதுதான். ஒரு அறிக்கைக்கு அப்படித்தான் செய்துவைத்திருந்தேன். அச்சுக்குப் போகும் முன் ஒருவர், பெயர்கள் அகரவரிசையில் இருந்தால் தேட வசதி என்று தரவை மாற்றி அடுக்கிவிட்டார். பட்டைகள் இடம் மாறின. நிறம் மாறவில்லை. எக்செல்லுக்கு அது ஈரோட்டின் நிறம் என்று தெரியாது, 28-ஆவது பட்டையின் நிறம் என்றுதான் தெரியும். தலைப்பு ஈரோட்டைச் சொன்னது, சிவப்பு வேறொரு மாவட்டத்தின் மேல் இருந்தது. கடைசி நேரத்தில் ஒருவர் பார்த்துச் சொன்னதால் பிழைத்தோம். சாதாரணப் பிழையாக இதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு மாவட்டத்தின் குறையை இன்னொரு மாவட்டத்தின் தலையில் எழுதிவிட்டிருப்போம், அதுவும் வாசகர் கண் முதலில் விழும் இடத்தில்.

அன்றிலிருந்து நான் கையால் நிறம் பூசுவதில்லை. மாவட்டப் பெயர் `A` நெடுவரிசையில், விழுக்காடு `B`-யில். `E1` கட்டத்தில் எந்த மாவட்டத்தைத் தூக்கிக் காட்ட வேண்டுமோ அதன் பெயர். பிறகு `C`, `D` இரண்டிலும் முறையே இந்தச் சூத்திரங்கள்:

```
=IF($A2=$E$1,$B2,NA())
=IF($A2=$E$1,NA(),$B2)
```

`C`-யில் ஈரோட்டின் எண் மட்டும் வரும், `D`-யில் மற்ற 31-இன் எண்கள் வரும். இந்த இரண்டையும் இரு தொடர்களாக வரைந்து, `Series Overlap` என்பதை 100 என்று வைத்தால் இரண்டும் ஒரே வரிசைப் பட்டைகளாகப் பொருந்திவிடும். `C` தொடருக்குச் சிவப்பு, `D` தொடருக்குச் சாம்பல். இனி எப்படி அடுக்கினாலும் நிறம் பெயரோடுதான் போகும். `E1`-இல் உள்ள எழுத்துக்கூட்டல் பட்டியலில் உள்ளதோடு அப்படியே பொருந்த வேண்டும். இல்லையென்றால் ஒரு பட்டைக்கும் நிறம் வராது. தப்பான பட்டைக்கு நிறம் வருவதைவிட அது எவ்வளவோ மேல், ஏனென்றால் உடனே தெரிந்துவிடும்.

சரியான பட்டைக்குச் சரியான நிறம் கொடுத்த பிறகும் ஒரு பொறுப்பு மிஞ்சுகிறது. நிறம் கொடுப்பது ஒரு வாதத்தை முன்வைப்பதற்குச் சமம். அந்த வாதத்தைத் தரவு தாங்க வேண்டும். ஈரோட்டுக்கும் திருவண்ணாமலைக்கும் உள்ள வித்தியாசம் 1.6 விழுக்காட்டுப் புள்ளிகள்தான். அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் இரண்டு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே நீளமாகத் தெரியும், அதுதான் உண்மையும்கூட. யாராவது அச்சை 70-இலிருந்து தொடங்கினால் திருவண்ணாமலைப் பட்டை ஈரோட்டைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் நீளமாகிவிடும். அதற்கு மேல் சிவப்பும் சேர்ந்தால், படிப்பில் ஈரோடு படுத்துவிட்டது என்றே வாசகர் நினைப்பார். நிறம் கொடுத்த படத்தில் அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

சிவப்பு எங்கே பார்ப்பது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரம், காங்கேயம் பகுதிகள் ஈரோட்டிலிருந்து பிரிந்து போயின. சத்தியமங்கலம், தாளவாடி, பர்கூர் என்ற மலைப்பகுதிகள் ஈரோட்டிலேயே இருக்கின்றன. 2011-இல் எண்ணப்பட்ட ஈரோடு, 2001-இல் எண்ணப்பட்ட அதே ஈரோடு இல்லை. இதைப் படத்துக்குக் கீழே இரண்டு வரியில் எழுதாமல் அந்தப் பட்டையைச் சிவப்பாக்கினால், வாசகர் கேள்வியோடு நிற்பார், அல்லது தாமாகவே ஒரு தவறான பதிலைச் சொல்லிக்கொள்வார். எந்தப் பட்டைக்கு நிறம் கொடுத்தோமோ அதற்கு விளக்கம் எழுதும் கடமையும் நமக்கு வந்துவிடுகிறது.

எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது. ஒவ்வொருவரும் தம் ஊரைத் தேடிப் பார்க்கப்போகும் குறிப்பேட்டுப் படத்தில் ஒரு மாவட்டத்தை மட்டும் தூக்கிக் காட்டுவது மற்ற 31 மாவட்டத்தாரின் பார்வையை வலுக்கட்டாயமாகத் திருப்புவதாகும். அங்கே எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும். ஆனால் 32 மாவட்டங்களுக்கும் தனித்தனியே அறிக்கை அனுப்புவதென்றால், `E1`-ஐ மட்டும் மாற்றி மாற்றி 32 படம் எடுத்துவிடலாம். சேலத்துக்குப் போவதில் சேலம் சிவப்பு, நாகப்பட்டினத்துக்குப் போவதில் நாகப்பட்டினம் சிவப்பு. தரவு ஒன்று, வாக்கியங்கள் 32. தலைப்பையும் ஒவ்வொன்றிலும் கையோடு மாற்ற மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். டு பாய்ஸ் குழுவின் தாள்கள் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. நூலகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். இன்று வீட்டுக்குப் போனதும் அந்த எழுத்தறிவின்மைத் தாளைத் திறந்து, சிவப்புப் பட்டையை விரலால் மறைத்துக்கொண்டு ஒரு முறை படியுங்கள். பிறகு விரலை எடுத்துவிட்டு இன்னொரு முறை படியுங்கள்.